காயம் ஆறிவிட்டது, மீதி ரேபிஸ் ஊசிகளை விட்டுவிடலாமா?

"கெண்டைக்காலில் நாய் கடித்தது, ரெண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. உடனே சோப்பு போட்டுக் கழுவினேன், ரெண்டு ஊசியும் போட்டாச்சு. காயம் ஆறிடுச்சு, நாயும் நல்லாத்தான் சுத்திட்டிருக்கு. மீதி ஊசி அவசியம்தானா?"

அவசியம்தான். மூன்றாவது ஊசி நாள் தாண்டியிருந்தால் இன்றைக்கே போய்ப் போடுங்கள். ஊசி போடும் அறையில் வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வி பெரும்பாலும் இரண்டாவது ஊசிக்கு அப்புறம்தான் வரும், ஏனென்றால் அதற்குள் வலி போயிருக்கும்.

முதலில் கழுவினதைப் பற்றி. எவ்வளவு நேரம் கழுவினீர்கள்? பலரும் ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம், ஓடும் தண்ணீரில், சோப்பு நுரை போட்டு, அலசி, மறுபடி நுரை போட்டுக் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்தால் வைரஸ் செத்துப்போகும். அப்புறம் போவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், அவை காயத்தைப் புண்ணாக்குவதோடு சரி. ஆனால் கெண்டைக்காலில் பல் இறங்கினால் மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வரைக்கும் போயிருக்கும், அந்த ஆழத்துக்குத் தண்ணீர் முழுசாகப் போய்ச் சேராது. கழுவினால் வைரஸின் அளவு வெகுவாகக் குறையும், ஆனால் எல்லாம் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

மிஞ்சியது என்ன செய்யும்? அது ரத்தத்தில் கலந்து பரவுவதில்லை. தசையில் இருந்து நரம்பு முனைக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் மெதுவாக ஏறும். பெரும்பாலும் இதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்தைத் தாண்டியும் போயிருக்கிறது. இந்த நாட்களில் உடம்பில் ஒரு அறிகுறியும் இருக்காது, தோல் மூடி வடுவே விழுந்திருக்கும். பல பேருக்கு முதல் அறிகுறியே அந்த ஆறின வடுவில் வரும் அரிப்பும் எரிச்சலும்தான், அது வந்த பிறகு ஊசி போட்டுப் பயனில்லை. அதனால் காயம் ஆறியதை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள்.

தடுப்பூசியில் இருப்பது செத்த வைரஸ், அது உடம்பில் பெருகாது. அதனால்தான் உடம்புக்கு அதைத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கிறது. முதல் ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் ஆனால்தான் போதுமான எதிர்ப்பொருள் உருவாகும், அதற்குப் பின் வரும் ஊசிகள் அதை உயர்த்தி, பல மாதம் நிற்கும்படி பண்ணுகின்றன. அந்த ஆரம்ப இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக இருக்கும் எதிர்ப்பொருளை, கடிவாயிலேயே சுற்றிப் போடுவது. ரத்தம் வந்த கடிக்கு இது வேண்டும். மனித இம்யூனோகுளோபுலின் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், 60 கிலோ இருப்பவருக்கு 1,200 யூனிட். கையில் மட்டும் ஊசி போட்டு, காலில் யாரும் ஊசி வைக்கவில்லை என்றால் உங்களுக்கு அது போடவில்லை என்று அர்த்தம். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் இருந்தால் இன்னும் போடலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

நாள் கணக்கில் நிறைய பேர் குழம்புகிறார்கள். கடித்த நாள் கணக்கில்லை, முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்யம். 1-ஆம் தேதி போட்டால், தசையில் போடும் ஐந்து ஊசி முறையில் அடுத்தவை 4, 8, 15, 29-ஆம் தேதிகளில். தோலுக்குள் போடும் முறை என்றால் 1, 4, 8, 29, ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும். சில இடங்களில் இதைவிடக் குறைவான ஊசி முறையும் உண்டு, உங்கள் சீட்டில் எது எழுதியிருக்கிறதோ அதை முடியுங்கள். நடுவில் ஒன்று தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்டதைப் போட்டுக்கொண்டு இடைவெளி மாறாமல் தொடர வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு, யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் ஊசி போட்டுத்தான் அனுப்புவார்கள்.

சரி, நாய் நன்றாக இருக்கிறதே? நோயுள்ள நாயின் எச்சிலில் வைரஸ் வருவது அது சாவதற்குச் சில நாள் முன்னால்தான், அதனால் கடித்து 10 நாள் கழித்தும் அதே நாய் ஆரோக்கியமாக உயிரோடு இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் முதல் மூன்று ஊசியும் அந்த 10 நாளுக்குள்ளேயே வந்துவிடுகின்றன, எனவே நாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில் அவற்றைத் தவிர்க்க வழியில்லை. தெருவில் திரிவது அதே நாய்தானா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், நாய் கணக்கையே விட்டுவிட்டு எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள்.