இரண்டு வளங்கள் பற்றாக்குறையாக இருக்கும்போது எந்த மூலைப்புள்ளி அதிகப் பங்களிப்பைத் தரும்?

கேள்வி: இயந்திர நேரமும் தொழிலாளர் நேரமும் ஒருசேரப் பற்றாக்குறையாக இருக்கின்றன. வரைபடம் போட்டுவிட்டேன். எந்த மூலைப்புள்ளி சரியானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மணி நேரப் பங்களிப்பை வைத்துத் தரவரிசைப்படுத்தினால் போதாதா?

போதாது, ஏன் என்பதை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் பொருள் அலகுக்கு 50 பங்களிப்பும், இரண்டாம் பொருள் 40 பங்களிப்பும் தருவதாகக் கொள்வோம். முதல் பொருளுக்கு 4 இயந்திர மணியும் 2 தொழிலாளர் மணியும் தேவை. இரண்டாம் பொருளுக்கு 2 இயந்திர மணியும் 3 தொழிலாளர் மணியும் தேவை. கையிருப்பில் இருப்பவை 280 இயந்திர மணிகளும் 240 தொழிலாளர் மணிகளும். இயந்திர மணிக்கான பங்களிப்பைப் பார்த்தால் முதல் பொருளுக்கு 12.5, இரண்டாவதற்கு 20; ஆகவே இரண்டாவது முந்துகிறது. தொழிலாளர் மணிக்குப் பார்த்தால் முதலாவதற்கு 25, இரண்டாவதற்கு ஏறத்தாழ 13.3, இப்போது முதலாவது முந்துகிறது. இரண்டு தரவரிசைகளும் ஒன்றுக்கொன்று முரண்படும் இந்த இடத்தில்தான் வரைபடம் தேவைப்படுகிறது. இரண்டு வளங்களும் ஒரே பொருளையே முன்னிறுத்தியிருந்தால், அந்தப் பொருளை மட்டும் இயன்ற அளவு உற்பத்தி செய்வதே விடையாகியிருக்கும்.

முதல் பொருளின் அளவை x என்றும் இரண்டாவதின் அளவை y என்றும் கொண்டால், கட்டுப்பாடுகள் இவை:

4x + 2y ≤ 280
2x + 3y ≤ 240
x ≥ 0, y ≥ 0

இயந்திரக் கோடு x அச்சை 70இலும் y அச்சை 140இலும் வெட்டும். தொழிலாளர் கோடு 120இலும் 80இலும் வெட்டும். இரண்டு கோடுகளுக்கும் கீழே ஒருங்கே அமையும் பகுதியே ஏற்புடைய பகுதி. பலர் தடுமாறுவது இங்கேதான்: கோடு அச்சைத் தொடும் புள்ளிகள் எல்லாவற்றையும் மூலைகளாக எண்ணி, (120, 0) என்ற புள்ளியில் 6000 பங்களிப்பு வருகிறது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்தப் புள்ளிக்கு 480 இயந்திர மணிகள் வேண்டும். நம்மிடம் இருப்பதோ 280. ஆகவே, ஒவ்வொரு புள்ளியையும் மற்றக் கட்டுப்பாட்டிலும் பொருத்திப் பார்த்த பிறகே அதை மூலையாக ஏற்க வேண்டும். அப்படிச் சலித்தபின், தொடக்கப் புள்ளியைத் தவிர எஞ்சுபவை (70, 0), (0, 80), மற்றும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி.

வெட்டும் புள்ளியை வரைபடத்திலிருந்து கண்ணளவில் படிக்காமல், சமன்பாடுகளைத் தீர்த்துப் பெறுவதே நல்லது. பென்சில் கோட்டின் தடிமனே ஓரிரு அலகுகளை விழுங்கிவிடும். முதல் சமன்பாட்டிலிருந்து y = 140 − 2x; அதை இரண்டாவதில் இட்டால் x = 45, y = 50 என்று கிடைக்கும். இனிப் பங்களிப்புகள்: (70, 0) இல் 3500, (0, 80) இல் 3200, (45, 50) இல் 4250. எனவே வெட்டும் புள்ளியே விடை.

ஆனால் வெட்டும் புள்ளிதான் எப்போதும் விடை என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். அதைத் தீர்மானிப்பது பங்களிப்புக் கோட்டின் சாய்வு. பங்களிப்பு 2000 என்று வைத்து (40, 0), (0, 50) ஆகிய புள்ளிகளை இணைத்து ஒரு கோடு வரையுங்கள். அளவுகோலை அதற்கு இணையாகவே வெளிப்புறமாக நகர்த்திக்கொண்டு போனால், ஏற்புடைய பகுதியை அது கடைசியாகத் தொடும் மூலையே அதிகப் பங்களிப்பைத் தருவது. குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்தக் கோட்டின் சாய்வு 1.25, இயந்திரக் கோட்டின் சாய்வு 2, தொழிலாளர் கோட்டின் சாய்வு 2/3. இவ்விரண்டுக்கும் இடையில் 1.25 விழுவதால்தான் வெட்டும் புள்ளி வென்றது. இரண்டாம் பொருளின் பங்களிப்பு 40ஆகவே இருக்க, முதலாவதின் பங்களிப்பு 80ஐத் தாண்டினால் விடை (70, 0) க்குத் தாவிவிடும்; ஏறத்தாழ 26.7க்குக் கீழே இறங்கினால் (0, 80) க்குப் போய்விடும். சரியாக 80ஆக இருந்தால் பங்களிப்புக் கோடு இயந்திரக் கோட்டுக்கு இணையாகி, (70, 0) முதல் (45, 50) வரையுள்ள புள்ளிகள் எல்லாமே 5600 என்ற ஒரே பங்களிப்பைத் தரும். என்னைக் கேட்டால், 4250 என்ற விடையைவிட இந்த எல்லைகளே பயனுள்ளவை, ஏனெனில் விலையோ செலவோ சற்று மாறினாலும் உற்பத்தித் திட்டத்தை மாற்றத் தேவையில்லை என்று துணிந்து சொல்ல அவை இடம் தருகின்றன.

முதல் பொருளின் தேவை 40 அலகுகளுக்கு மேல் இல்லை என்று கேள்வித்தாளில் கூடுதலாக ஒரு வரி இருந்தால், x = 40 இல் ஒரு செங்குத்துக் கோடு வரைய வேண்டும். அது பழைய மூலையை வெட்டி எறிந்துவிடும்; புதிய மூலை தொழிலாளர் கோட்டின் மீது y = 53.33 என்ற இடத்தில் அமையும். முழு அலகுகளாகத்தான் உற்பத்தி செய்ய முடியும் என்றால் 53 என்று கீழ்நோக்கியே எடுக்க வேண்டும், ஏனெனில் 54க்குத் தொழிலாளர் நேரம் 242 மணி ஆகிவிடும். அப்போது பங்களிப்பு 4120. இயந்திர நேரத்தில் 14 மணி மீதமிருக்கும், ஆகவே அந்த நிலையில் கூடுதல் இயந்திர நேரத்துக்குப் பணம் செலவிடுவதில் பயனில்லை.