ஏலச்சீட்டு: முதலில் எடுப்பதா, கடைசி வரை இருப்பதா?

கேள்வி: மாதம் 5,000 ரூபாய், 20 பேர், 20 மாதம், ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. கமிஷன் 5 சதவீதம். முதல் மாதம் 30,000 வரை தள்ளிப் போகும் என்கிறார்கள். முதலிலேயே எடுத்தால் எவ்வளவு வட்டி ஆகும்? கடைசியில் எடுத்தால் என்ன லாபம்?

பதில்: ஏலத்தில் சீட்டை எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளு முதல் மாதம் 30,000 என்றும், அது மாதாமாதம் சீராகக் குறைந்து கடைசி மாதம் வெறும் கமிஷன் 5,000-இல் முடிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கமிஷன் போக மீதி 25,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,250 கழிவதால், கட்ட வேண்டியது 3,750 மட்டுமே. இந்தக் கழிவு மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். 20 மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது மொத்தம் 87,500 ரூபாய். எப்போது எடுத்தாலும் இது மாறாது.

முதலில் எடுப்பவருக்கு 70,000 கிடைக்கும். அன்றைய தவணை போகக் கையில் நிற்பது 66,250. அதற்காக அடுத்த 19 மாதத்தில் அவர் கட்டுவது 83,750. இது நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 2.35 ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 28 சதவீதம். கடைசியில் எடுப்பவர் 87,500 கட்டி 95,000 வாங்குகிறார். பணம் ஒவ்வொரு தவணையாகப் போயிருப்பதால், இந்த 7,500 ரூபாய் லாபம் நூற்றுக்கு மாதம் 90 பைசா வட்டி மாதிரி, ஆண்டுக்கு 11 சதவீதத்தை ஒட்டி வரும்.

ஒருவர் 28 கொடுக்க, இன்னொருவர் 11 மட்டும் வாங்குகிறாரே, நடுவில் உள்ளது எங்கே போகிறது? மாதம் 5,000 வீதம் 20 மாதக் கமிஷன் ஒரு லட்சம். அதாவது முழுச் சீட்டு ஒன்று நடத்துபவருக்குப் போய்விடுகிறது. அதனால்தான் ஏறக்குறைய 14-ஆம் மாதம் வரை எடுப்பவர்கள் எல்லோரும் கட்டியதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். பாதி மாதம் தாண்டிவிட்டது, இனி லாபம்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவசரத்துக்கு எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஏலத்துக்கு முன்பே உச்ச வரம்பு ஒன்றை முடிவு செய்யுங்கள். நகைக்கடன் போல வேறு இடத்தில் மாதம் ஒன்றரை ரூபாய் வட்டிக்குப் பணம் கிடைக்கும் என்றால், மற்ற மாதத் தள்ளு மேலே சொன்னபடியே இருக்கும் இந்தச் சீட்டில் முதல் மாதம் 24,000-க்கு மேல் தள்ளக் கூடாது. அதற்கு மேல் போனால் அந்தக் கடனே மலிவு. ஜாமீன் கேட்டுப் பணத்தை இழுத்தடித்தால் வட்டி இன்னும் ஏறும் என்பதால், எத்தனை நாளில் கைக்கு வரும், என்ன ஜாமீன் வேண்டும் என்று சேரும்போதே கேளுங்கள்.

கடைசி வரை இருப்பவர்தான் அதிக ஆபத்தை ஏற்கிறார். முதலில் எடுத்தவர்கள் தவணையை நிறுத்தினால் அடி அவருக்குத்தான், வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடும் இதற்குக் கிடையாது. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்ததுதானா என்று பாருங்கள். பதிவு எண்ணும் ஒப்பந்தப் பிரதியும் தர மறுத்தால், அந்த 11 சதவீதத்துக்காக அதில் சேராதீர்கள்.