சென்சாரில் எல்இடி எரிகிறது, பிஎல்சியில் இன்புட் வரவில்லை: ஒரு டிப்ளமா மாணவருக்குப் பதில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலைக்கான செய்முறைத் தேர்வில் பிராக்சிமிட்டி சென்சார் ஒன்றை பிஎல்சியோடு இணைக்கச் சொன்னார்கள். இரும்புத் துண்டைக் காட்டினால் சென்சாரின் எல்இடி எரிந்தது, பிஎல்சியின் இன்புட் எல்இடி எரியவில்லை. வேறு சென்சார் மாற்றிப் பார்த்துவிட்டு, "பிஎல்சி பழுது" என்று சொல்லிவிட்டீர்கள். இப்போது பணம் கட்டி இன்னொரு பிஎல்சி கோர்ஸ் சேரலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். நீங்கள் தடுமாறியது புரோகிராமில் இல்லை, ஒரு காமன் வயரில். அதைச் சரிசெய்ய ஒரு மாலை போதும்.

மூன்று வயர் சென்சாரில் பிரவுன் பிளஸ் 24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கறுப்பு அவுட்புட். பொருள் எதிரே வந்ததும் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கறுப்பு வயரை ஏதாவது ஒரு பக்கம் சேர்க்கிறது. பிஎன்பி வகை பிரவுனோடு சேர்க்கும், என்பிஎன் வகை நீலத்தோடு சேர்க்கும். வேறுபாடு இவ்வளவுதான்.

பிஎல்சி இன்புட்டுக்கு உள்ளே ஒரு ரெசிஸ்டரும் ஆப்டோகப்ளரும் இருக்கின்றன. ஒரு முனை இன்புட் டெர்மினல், மறுமுனை காமன். இந்த இரண்டுக்கும் நடுவே 24 வோல்ட் வந்தால்தான் கரண்ட் ஓடும், இன்புட் ஆன் ஆகும். ஆகவே பிஎன்பி 24 வோல்ட்டைக் கொண்டுவருகிறது என்றால் காமன் 0 வோல்ட்டில் இருக்க வேண்டும். என்பிஎன் 0 வோல்ட்டைக் கொண்டுவருகிறது என்றால் காமன் 24 வோல்ட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் தேர்வில் என்ன நடந்திருக்கும் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடலாம். காமன் 0 வோல்ட்டில் இருந்திருக்கும், கொடுத்தது என்பிஎன் சென்சாராக இருந்திருக்கும். சென்சார் வேலை செய்தபோது கறுப்பும் 0 வோல்ட், காமனும் 0 வோல்ட். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் கரண்ட் எங்கிருந்து ஓடும்? சென்சாரின் எல்இடி தன் சொந்த சப்ளையில் எரிகிறது. அதனால் அது எரிவதை வைத்து இன்புட்டைப் பற்றி ஒன்றும் முடிவு கட்ட முடியாது. மாற்றிப் போட்ட சென்சாரும் அதே வகை என்றால் அதே முடிவுதான் வரும்.

அடுத்த முறை வகை தெரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். கறுப்பை பிஎல்சியிலிருந்து கழற்றி, கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவே 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். 5 மில்லிஆம்பியர்தான் ஓடும், எதுவும் கெடாது. பொருளைக் காட்டியதும் ரெசிஸ்டரின் குறுக்கே 24-க்கு ஓரிரு வோல்ட் குறைவாக வந்தால் அது பிஎன்பி. வரவில்லை என்றால் ரெசிஸ்டரை பிரவுனுக்கும் கறுப்புக்கும் நடுவே மாற்றிப் பாருங்கள், இப்போது வந்தால் என்பிஎன். ரெசிஸ்டர் இல்லாமல் மீட்டரை மட்டும் வைத்தால், மிதக்கும் வயர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டி உங்களைக் குழப்பிவிடும். நார்மலி குளோஸ்டு வகை சென்சாரில் இதெல்லாம் தலைகீழாக, பொருள் இல்லாதபோது நடக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. கரண்டை உள்ளே வாங்கும் இன்புட்டை சிங்கிங் என்பது பரவலான வழக்கம், அதற்குப் பொருந்துவது பிஎன்பி. ஆனால் மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ்3யூ பிஎல்சி கையேட்டில், எஸ்/எஸ் என்ற காமன் டெர்மினலை 24 வோல்ட்டில் கட்டி என்பிஎன் சென்சார் போடுவதைத்தான் சிங்க் இன்புட் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர் சென்சார் பக்கத்திலிருந்து பார்த்து வைத்தது. எனவே பெயரை மனப்பாடம் செய்யாமல், காமன் எங்கே போகிறது என்று படத்தைப் பாருங்கள். இன்னொன்று, ஒரே காமனில் எட்டு இன்புட் இருந்தால் எட்டுக்கும் ஒரே வகை சென்சார்தான். ஒன்றுக்காகக் காமனை மாற்றினால் மற்ற ஏழும் நின்றுவிடும். அங்கே சென்சாரை மாற்றுங்கள், அல்லது நடுவே ஒரு ரிலே போடுங்கள்.

எந்த வகை நல்லது என்று கேட்டால், 0 வோல்ட்டை எர்த் செய்திருக்கும் மெஷினில் நான் பிஎன்பியைத்தான் சொல்வேன். அங்கே என்பிஎன்னின் கறுப்பு வயர் தேய்ந்து மெஷினின் உடம்பில் பட்டால், பொருளே இல்லாமல் இன்புட் ஆன் ஆகிவிடும். பிஎன்பியில் அதே வயர் பட்டால் இன்புட் ஆஃப் ஆகத்தான் இருக்கும்.

கோர்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் சிறு பகுதியை எடுத்து ஒரு 24 வோல்ட் சப்ளை, பிஎன்பி ஒன்று, என்பிஎன் ஒன்று, சில ரெசிஸ்டர் வாங்குங்கள். இரண்டையும் வேண்டுமென்றே தப்பான காமனில் கட்டி, ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.