அரைத் தவணையும் பதின்மூண்டாவது தவணையும்

கேள்வி: வீட்டு லோன் தவணைய மாசம் ஒருக்கா கட்டாம, பாதிப் பாதியா ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கட்டினா மொத்த வட்டியில எவ்வளவு மிஞ்சும்? கொழும்பு பாங்க்குகள்ல இது சரிவருமா?

நல்லாவே மிஞ்சும், ஆனா நீங்க நினைக்கிற காரணத்தால இல்ல. நான் தெஹிவளையில ஒரு பிளாட்டுக்கு லோன் எடுத்து எட்டு மாசம் இப்பிடித்தான் கட்டினனான், அந்த எட்டு மாசமும் ஒரு சதம் கூட மிஞ்சேல்ல, அதால கொஞ்சம் விரிவாவே சொல்லுறன்.

என்ர லோன் 50 லட்சம், வட்டி 12 வீதம், 20 வருசம். மாசத் தவணை 55,054 ரூபா. கடைசி வரைக்கும் இப்பிடியே கட்டினா மொத்த வட்டி மட்டும் 82 லட்சத்து 13 ஆயிரம். இதையே 27,527 ரூபாவா ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கட்டி, கட்டுற அண்டைக்கே பாங்க் அத கணக்கில எடுத்தா, கடன் கிட்டத்தட்ட 15 வருசமும் 3 மாசமும் எண்டு முடியும், வட்டி 58 லட்சத்து 93 ஆயிரமா இறங்கும். மிச்சம் 23 லட்சத்து 20 ஆயிரம். நெட்டில எல்லாரும் காட்டுற கணக்கு இதுதான், கணக்கில பிழை இல்ல.

ஆனா அந்த 23 லட்சம் எங்க இருந்து வருது எண்டு பாக்க வேணும். வருசத்துக்கு 52 கிழமை, அப்ப 26 அரைத் தவணை, அதாவது 13 முழுத் தவணை. 12 கட்ட வேண்டிய இடத்தில 13 கட்டுறீங்க, அவ்வளவுதான் விசயம். பாதிக் காசு ரெண்டு கிழமை முந்திப் போறதால வாற லாபம் சரியான சின்னது: 27,527 ரூபாவுக்கு 12 வீதத்தில 14 நாள் வட்டி 127 ரூபா, ஒரு மாசத்துக்கு அவ்வளவுதான். கூட ஒண்டும் கட்டாம, மாசத்தில ரெண்டு தரம் பாதிப் பாதியா மட்டும் கட்டினா (வருசத்துக்கு 24 தரம்) முழுக் காலத்துக்கும் சேத்தே 33 ஆயிரம் ரூபாதான் மிஞ்சும். 23 லட்சத்தில 33 ஆயிரம்! மிச்சம் எல்லாம் அந்தப் பதின்மூண்டாவது தவணையின்ர வேலை.

இந்த முறை வந்ததே அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா பக்கம் இருந்து, அங்க கன பேருக்குச் சம்பளமே ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான், அதோட சேந்து தவணையும் போகும். இங்க எங்களுக்கு மாசச் சம்பளம், பாங்க்கின்ர லோன் சிஸ்டமும் மாசத்தில ஒரு நாள்தான் தவணைய எடுக்கும். எனக்கு நடந்தது இதுதான். நான் போட்ட பாதிக் காசு லோன் எக்கவுண்டுக்குப் போகாம தவணை நாள் வரைக்கும் ஒரு பக்கத்தில சும்மா கிடந்தது, மற்றப் பாதியும் வந்த பிறகு ரெண்டையும் சேத்து ஒரு தவணையா எடுத்தவை, கூடக் கட்டினது அடுத்த மாசத் தவணைக்கு அட்வான்ஸ் எண்டு நிண்டது. அட்வான்ஸ் எண்டா கடனின்ர முதல் குறையாது, முதல் குறையாட்டி வட்டியும் குறையாது. எட்டு மாசத்தில நான் 17 அரைத் தவணை கட்டியிருந்தன், ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தா முதல் பாக்கி 49 லட்சத்து 58 ஆயிரம், அது மாசா மாசம் சாதாரணமா கட்டுற ஆளுக்கு இருக்கிற அதே தொகை. பிராஞ்சில கேட்டதுக்கு "நீங்க சொல்லேல்லத்தானே" எண்டிச்சினம். மனசு சரியா நொந்து போச்சு, ஆனா அவை சொன்னதிலயும் நியாயம் இருக்கு, நான் ஒரு கடிதமும் குடுக்கேல்ல.

பிறகு நான் செய்தது சுகமான வழி. தவணைய 12ஆல பிரிச்சா 4,588 ரூபா. மாசத் தவணையோட அந்த 4,588ஐயும் சேத்து, அது முதலுக்குத்தான் போக வேணும் எண்டு எழுதிக் குடுத்துக் கட்டுறன். இதின்ர கணக்கு: 183 மாசத்தில கடன் முடியுது, மிச்சம் 22 லட்சத்து 91 ஆயிரம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஓடித் திரியிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் 29 ஆயிரம் மட்டும்தான். எக்செல்ல இப்பிடிப் போட்டு உங்கட தொகையையும் பாக்கலாம், முதல் வரி அரைத் தவணை எத்தினை எண்டு சொல்லும், ரெண்டாவது எத்தினை மாசம் எண்டு சொல்லும்:

```
=NPER(0.12/26,-27527,5000000)
=NPER(0.12/12,-59642,5000000)
```

கடிதத்தில ஒரு விசயம் மறக்காம எழுதுங்க. முதல் குறைஞ்ச உடன பாங்க் ரெண்டு விதமாச் செய்யலாம், ஒண்டு தவணைய அப்பிடியே வச்சுக் காலத்தைக் குறைக்கிறது, மற்றது காலத்தை அப்பிடியே வச்சுத் தவணையைக் குறைக்கிறது. நான் மேல சொன்ன கணக்கு எல்லாம் முதலாவதுக்குத்தான். தவணையைக் குறைச்சுப்போட்டினம் எண்டா நீங்க கூடக் கட்டினது மாசா மாசம் உங்கட கைக்கே திரும்பி வந்திடும், மிச்சம் நல்லாச் சுருங்கும். "தவணை மாறக்கூடாது, காலம் குறைய வேணும்" எண்டு தெளிவா எழுதி, கொப்பியில சீல் அடிச்சு வாங்கி வையுங்க. சில இடங்கள்ல இவ்வளவு சின்னத் தொகைய முதலுக்கு எடுக்க மாட்டினம், இல்லாட்டி ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம் வெட்டுவினம். அப்பிடியெண்டா வேற சேவிங்ஸ் எக்கவுண்டில சேத்து, போனஸ் வாற நேரம் வருசத்துக்கு ஒருக்கா 55,054ஐ ஒண்டாக் கட்டுங்க, அப்பவும் 21 லட்சத்துக்கு மேல மிஞ்சும்.

சரியாப் போகுதோ எண்டு பாக்கிறதுக்கு ஒரு வருசம் முடிய ஸ்டேட்மென்டில முதல் பாக்கிய மட்டும் பாருங்க. என்ர தொகைக்கு 49 லட்சத்து 36 ஆயிரம் எண்டு நிண்டா கூடக் கட்டினது முதலுக்குப் போகேல்ல, 48 லட்சத்து 78 ஆயிரம் எண்டா போகுது. ஒரு வருசம் பொறுக்கத் தேவையில்ல, மூண்டாம் மாசமே வித்தியாசம் தெரியும்.

தொடங்கிறதெண்டா லோன் புதுசா இருக்கேக்க தொடங்குங்க. முதல் மாசம் ஒரே ஒரு தடவை கட்டின 4,588 கடைசியில 49 ஆயிரம் ரூபாத் தவணைய இல்லாமலாக்கும், அதையே 15ஆம் வருசம் கட்டினா 8 ஆயிரத்துச் சொச்சம்தான். இதெல்லாம் வட்டி 12 வீதத்திலயே நிண்டா. உங்கட லோன் பாங்க்குகளின்ர சராசரிப் பிரைம் வட்டி வீதமான ஏடபிள்யூபிஎல்ஆரோட ஏறி இறங்கிற லோன் எண்டா 2022ல வட்டி ஏறின ஏற்றம் ஞாபகம் இருக்கும், தவணை மாறிற ஒவ்வொரு முறையும் அந்தப் பன்னிரண்டில ஒரு பங்கையும் திரும்பக் கணக்குப் பாத்து ஸ்டாண்டிங் ஓடரை மாத்த வேணும்.

அவசரத்துக்கு எடுக்கிற காசை இதில போடாதேங்க, முதலுக்குப் போன காசு திரும்பி வராது. நான் மூண்டு மாசச் செலவுக் காசு தனியாச் சேந்த பிறகுதான் கடிதம் குடுத்தனான். வாகன லீசிங்குக்கும் இத அப்பிடியே நம்பிச் செய்யாதேங்க, அங்க கனக்க இடத்தில வாடகை முதல் நாளே முழுசா எழுதி முடிச்சிருக்கும், முந்திக் கட்டினாலும் வட்டி இறங்காது, ஒப்பந்தத்தை வாசிச்சுப்போட்டுக் கட்டுங்க.