அப்பா இறந்துவிட்டார். பான் கார்டு விண்ணப்பத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'லேட்' போட வேண்டுமா? அம்மா பெயரை மட்டும் கொடுக்கலாமா?

'லேட்' போடாதீர்கள். பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். அங்கே என்ன எழுதுகிறோமோ அதையே பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

என் தம்பி பான் எடுத்தபோது அப்பா போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி, அதுதான் மரியாதை என்று நினைத்து 'லேட்' சேர்த்து எழுதிவிட்டான். அப்பாவின் பெயரே 'லேட்' என்று தொடங்குகிற மாதிரி கார்டு அச்சாகி வந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அப்புறம் ஒரு வங்கியில், மார்க் ஷீட்டில் அப்பா பெயர் வேறு மாதிரி இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்கள்.

இப்படி ஆகிவிட்டால் புதிதாக இன்னொரு பான் எடுக்கக் கூடாது. ஒருவர் இரண்டு பான் வைத்திருப்பது தவறு. திருத்த விண்ணப்பம்தான் போட வேண்டும். அதில் அப்பா பெயருக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால்தான் மாற்றம் கேட்கிறோம் என்று பொருள். சரியான பெயரை எழுதிவிட்டு இந்த டிக்கை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எண் பழையதேதான், கார்டு மட்டும் புதிதாக வரும்.

அம்மா பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 2018 டிசம்பர் 5 முதல் விதி மாறியிருக்கிறது. அம்மா தனியாக வளர்க்கும் பெற்றோராக இருந்து, அவர் பெயரை மட்டும் கொடுத்து விண்ணப்பிக்க விரும்புகிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். 'ஆம்' என்றால் அப்பா பெயர் கட்டாயமில்லை. குடும்பத்தை விட்டுப் போன ஒருவரின் பெயரை வாழ்நாள் முழுக்கக் கார்டில் சுமக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிகிறது.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. அப்பா பெயர் உங்கள் மார்க் ஷீட்டில் ஏற்கெனவே இருக்குமே? அப்படியானால் இங்கேயும் அதே எழுத்துக்கூட்டலில் கொடுத்துவிடுங்கள் என்பேன். அம்மா பெயர்தான் கார்டில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. இரண்டு பெயரையும் எழுதியபின், கார்டில் யார் பெயர் அச்சாக வேண்டும் என்ற கேள்வி வரும்; அதில் அம்மாவைத் தேர்ந்தெடுங்கள். பின்னாளில் யாராவது அப்பா பெயரைச் சரிபார்த்தாலும் முரண்பாடு வராது.

அப்பாவின் இறப்புச் சான்றிதழை இணைக்கத் தேவையில்லை. கேட்கும் சான்றுகள் எல்லாம் உங்களுடையவைதான். உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் மட்டும் அம்மா உங்கள் சார்பில் கையெழுத்திட வேண்டும். அப்போது பிரதிநிதி விவரம் கேட்கும் இடத்தில் அவர் பெயரும் முகவரியும் வரும், அவருடைய அடையாளச் சான்றையும் சேர்த்து வையுங்கள்.