பஸ் திரும்பினால் குரல் ஏன் நகர்கிறது?

பஸ்ஸில் படம் பார்க்கும்போது, வண்டி வளைவில் திரும்பினால் வசனம் ஒரு காதுக்கு ஓடிவிடுகிறது. இயர்பட்ஸ் பழுதா?

பழுதில்லை. இயர்பட்ஸில் இருக்கும் ஸ்பேஷியல் ஆடியோ என்ற வசதி, ஒலி எந்தத் திசையிலிருந்து வருவதுபோலக் கேட்க வேண்டும் என்று கணக்கிட்டு, இரண்டு காதுக்கும் போகும் ஒலியை நேரத்திலும் அளவிலும் லேசாக மாற்றி அனுப்புகிறது. ஹெட் டிராக்கிங் அதற்கு மேல் ஒரு வேலை. இயர்பட்ஸுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் தலை திரும்புவதைக் கவனித்து, வசனம் திரைப் பக்கமே நிற்கும்படி ஒலியை எதிர்ப்பக்கம் நகர்த்தும்.

பஸ் வலப்பக்கம் திரும்பும்போது உங்கள் தலையும் சேர்ந்துதானே திரும்புகிறது? நீங்களே திரும்பியதாக அது நினைத்து வசனத்தை இடது காதுக்குத் தள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக நடுவுக்கு வந்துவிடும். சில கருவிகள் போனின் அசைவையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சமாளிக்கும், எல்லாம் அல்ல. பயணத்திலும் நடக்கும்போதும் ஹெட் டிராக்கிங்கை மட்டும் அணையுங்கள். ஐபோனில் கண்ட்ரோல் சென்டரைத் திறந்து, ஒலி அளவுப் பட்டையை அழுத்திப் பிடித்து, Head Tracked என்பதை Fixed ஆக்கினால் போதும். படத்தின் சுற்றொலி அப்படியே இருக்கும்.

பெட்டியில் ‘ஸ்பேஷியல் ஆடியோ’ என்று போட்டிருந்தது. தலையைத் திருப்பினால் ஒன்றும் மாறவில்லை. கடைக்காரர் அப்படித்தான் இருக்கும் என்கிறார்.

உங்கள் கோபம் நியாயமானது. எனக்கு வெகுநாளாக எரிச்சல் தரும் விஷயம் இது. ஹெட் டிராக்கிங் இல்லாமலும் ஸ்பேஷியல் ஆடியோ இருக்கலாம், ஆனால் அதைப் பெட்டியில் சொல்ல வேண்டும். நான் வாங்கிய ஒரு ஹெட்போனில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது வெறும் எதிரொலி. போட்டால் பாடகர் குளியலறையில் நின்று பாடுவதுபோல இருக்கும்.

பரிசோதிப்பது சுலபம். டால்பி அட்மாஸில் உள்ள ஒரு படக் காட்சியை ஓடவிட்டுப் போனை மேசையில் வையுங்கள். தலையை இடப்பக்கம் திருப்பினால் வசனம் வலது காதுப் பக்கம் போக வேண்டும். போகவில்லை என்றால் ஹெட் டிராக்கிங் இல்லை, அல்லது அணைந்திருக்கிறது. அப்புறம் வசதியை அணைத்துப் போட்டுக் கேளுங்கள். ஒலிகள் தனித்தனித் திசையில் பிரியாமல் குரல் மட்டும் தூரமாகி மங்கினால், அது எதிரொலிதான். பெட்டியில் ஹெட் டிராக்கிங் என்று அச்சாகியிருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பழைய ஸ்டீரியோ பாட்டுகளுக்கும் போடலாமா?

வேண்டாம். ஒலிப்பதிவாளர் இடம், வலம் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்ததை, மென்பொருள் ஊகத்தில் கலைத்துப் போடும்.

ஹெட் டிராக்கிங் இருக்கிறதென்று வாங்கினேன். என் போனில் அந்த அமைப்பே வரவில்லை.

பல இயர்பட்ஸ் இந்த வசதியை அதே நிறுவனத்தின் போனில் மட்டுமே தருகின்றன. வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டியது. இப்போது கேட்டு என்ன செய்ய? திருப்பித் தரும் கெடு முடியவில்லை என்றால் இன்றே கொடுத்துவிடுங்கள்.

ஸ்பேஷியல் ஆடியோவைக் கேமிலும் போட்டு, இயர்பட்ஸிலும் போட்டால் காலடி ஓசை இன்னும் துல்லியமாகக் கேட்குமா?

கேட்காது, திசை குழம்பும். கேமில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை அணையுங்கள்.