மாதா கோவில் பத்திரிகைக்கு எந்தக் கலர்?

கேள்வி: எங்கள் ஊர்ச் சர்ச் திருவிழாவுக்கு இந்துக்கள், முஸ்லிம்கள் என்று எல்லோர் வீட்டுக்கும் பத்திரிகை வைப்போம். எந்தக் கலரில் அடித்தால் யாருக்கும் உறுத்தாது?

சந்தனக் கலர் அட்டை, மெரூன் எழுத்து, மாதா படத்தைச் சுற்றி மட்டும் நீலம். அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் கமிட்டிக்குப் புதிதாக வந்தவராக இருப்பீர்கள். "போன வருசம் மாதிரியே அடிச்சிருவோம்" என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. நான் ராமநாதபுரத்தில் டிடிபி வேலை பார்ப்பவன். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துத் திருவிழாப் பத்திரிகைகள் என் கையால் நிறையப் போயிருக்கின்றன. அதில் ஒரு மாதா கோவில் பத்திரிகை மூன்று முறை மாறியது. அதைச் சொன்னாலே உங்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. கமிட்டி முதலில் கேட்டது வெள்ளை அட்டை, நீலத் தலைப்பு, கறுப்பு எழுத்து. சர்ச் பக்கம் இருந்து பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை. வெள்ளையும் நீலமும் மாதாவுக்கு உரிய நிறங்கள், ஏறுகிற கொடியும் அதுதான். ஆனால் வலை, ஐஸ், டீசல் என்று தினமும் கூடவே தொழில் செய்கிற இந்துக் குடும்பங்கள் அந்த ஊரில் பாதிப் பேர். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் அவர்களுக்குக் கருமாதிப் பத்திரிகை. அதைப் படித்ததும் கிழித்துப் போடுவார்களே தவிர, வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். மாதிரிக்கு அடித்த ஒன்றைக் கமிட்டித் தலைவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தார். அவர் உள்ளே கொண்டு போகாமல் திண்ணையிலேயே வைத்துவிட்டு, "யாருக்குப்பா என்ன ஆச்சு?" என்று கேட்டார். அந்த அம்மா ஒவ்வொரு வருடமும் அதே மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவர். பக்தியில் குறைவே கிடையாது, எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் கண் அட்டையைப் படித்துவிட்டது, அவ்வளவுதான்.

"இதெல்லாம் மூடநம்பிக்கை, கலரில் என்ன இருக்கிறது" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் நம்பச் சொல்லவில்லை. ஒருவரை விசேஷத்துக்கு அழைக்கப் போகிறோம். அவர் வீட்டில் எது துக்கத்தின் அடையாளம் என்று தெரிந்துகொண்டு போவது மரியாதை.

சரி, அடுத்து மஞ்சள் அட்டைக்கு மாறினார்கள். மங்களகரமாக இருக்கும், மேலே மாதாவின் நீலத்தையும் விட்டுவிட வேண்டாம் என்று கணக்கு. யோசனை நல்லதுதான், மிஷினில்தான் சிக்கல். ஆஃப்செட் மை கண்ணாடி போன்றது, அடியில் இருக்கும் அட்டையின் நிறத்தை மறைக்காது. மஞ்சள் மேல் நீலம் ஓடினால் பச்சையாகத்தான் வரும். ஸ்க்ரீனில் நீலமாகத் தெரிந்த தலைப்பு முதல் தாளிலேயே பச்சையாக விழுந்தது. பச்சைத் தலைப்பைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர் "ஏர்வாடி சந்தனக்கூடு நோட்டீஸா?" என்று கேட்டார். கமிட்டியில் ஒருவர், "இருக்கட்டும், முஸ்லிம் வீடுகளுக்கும்தானே கொடுக்கிறோம்" என்றார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எனக்குத் தெரிந்த முஸ்லிம் குடும்பங்கள் கல்யாணப் பத்திரிகையை எல்லா நிறத்திலும் அடிக்கிறார்கள், வெள்ளையும் அவர்களுக்கு உறுத்துவதில்லை. அழைப்பதற்குப் பச்சை தேவையே இல்லை. விருந்துக்குக் கூப்பிடும்போது கறி ஹலாலா, தனியாகச் சைவப் பந்தி உண்டா என்று ஒரு வரி போட்டீர்களானால் அதைத்தான் அவர்கள் மதிப்பார்கள்.

மூன்றாவது முறை, நல்ல ஆர்ட் பேப்பரில் நாலு கலராகவே அடித்துவிடலாம் என்று சிவகாசிக்கு அனுப்பினார்கள். வாட்ஸ்அப்பில் பளிச்சென்று இருந்த நீலம் அங்கே ஊதாவாக வந்தது. மூன்று முறையிலும் இதுதான் பெரிய இடி. ஊதா என்றால் சர்ச்சில் தவக்காலம். சுரூபங்களை மூடுகிற துணி அந்த நிறம், இறந்தவர்களுக்கான பூசையிலும் அதே நிறத்தில் சாமியார் உடுத்துவது உண்டு. இந்துக்களுக்கோ முஸ்லிம்களுக்கோ ஊதாவில் ஒரு உறுத்தலும் இல்லை, சொந்தச் சபைக்குத்தான் உறுத்தும். பங்குச் சாமியார் பார்த்ததும் முகம் சுளித்தார்.

காரணம் இதுதான். செல்போன் நீலத்தை ஒளியாகக் காட்டுகிறது. அச்சில் சயான் என்கிற வெளிர்நீல மையும் மெஜந்தா என்கிற ரோஸ் மையும் சேர்ந்துதான் நீலம் உண்டாக வேண்டும். ஸ்க்ரீன் நீலத்தை அப்படியே மாற்றினால் மெஜந்தாவும் சயானுக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஏறிவிடும், அப்போது அது ஊதாதான். சயான் 100 சதவீதம் என்றால் மெஜந்தாவை 60 சதவீத அளவில் வையுங்கள், நீலம் நீலமாகவே நிற்கும். எண்ணைப் பாருங்கள், ஸ்க்ரீனை நம்பாதீர்கள்.

கடைசியில் நின்றது நான் மேலே சொன்னதுதான். சந்தனக் கலர், வெள்ளையின் துக்கத்தையும் மஞ்சளின் மை மாற்றத்தையும் ஒன்றாகத் தவிர்க்கிறது. வெளிர் நிறம் என்பதால் அதன் மேல் நீலம் கொஞ்சம் மங்குமே தவிரப் பச்சையாகாது. சந்தனம் கோவிலிலும் உண்டு, தர்காவிலும் உண்டு, சர்ச் கல்யாணத்தில் வரவேற்பு மேசையிலும் உண்டு. எழுத்தை மெரூனில் தனி மையாகவே ஓட்டச் சொல்லுங்கள். நாலு கலரைக் கலந்து மெரூன் கொண்டுவந்தால், பிளேட் ஒரு முடி நகர்ந்தாலும் உபயதாரர் பெயர்ப் பொடி எழுத்துகள் இரட்டையாகத் தெரியும். மெரூன், நீலம் இரண்டே மை, இரண்டே ஓட்டம். செலவும் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். தனியாக இருக்கும் நிறம் சமயத்தைச் சொல்லும், இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாக வந்தால் கொடியாகிவிடும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்த பார்டர் போட்டால் அது தி.மு.க. கொடி என்றுதான் ஊர் சொல்லும். சாதிக் கொடிகளின் நிறங்களும் உங்கள் ஊரில் எவை என்று உங்களுக்கே தெரியும். அந்த ஜோடிகளைப் பார்டரில் விடவே விடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு திருத்தமும் முடிந்த பிறகு, என் டிசைனை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு பிரஸ்ஸில் கொடுத்து அடித்துக்கொள்கிற கமிட்டிகள் இருக்கின்றன. லேஅவுட்டுக்குக் காசு கேட்டால் "சாமி காரியம்" என்கிறார்கள். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் கொடுக்கிறார்கள், அதுவும் சாமி காரியம்தானே? உங்கள் ஊரில் பத்திரிகை செய்கிறவருக்கு முதலிலேயே கூலி பேசிவிடுங்கள்.

அப்புறம், மொத்தமாக ஓட்டுவதற்கு முன் அதே அட்டையில், அதே மையில் ஒரு மாதிரி அடித்து வாங்குங்கள். வெயிலிலும் டியூப்லைட்டிலும் பாருங்கள். பிறகு மடித்தபடியே, சர்ச்சுக்கு வராத வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கையெட்டும் தூரத்தில் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இது என்ன விசேஷத்துக்கு?" என்று கேளுங்கள். கல்யாணம் என்றோ திருவிழா என்றோ சொன்னால் ஓட்டச் சொல்லிவிடலாம்.